அப்பாவின் தறிக்குடோனுக்கு மஞ்சள் நிறம்!

2024 ஜூலை 22. டிஜிட்டல் டெஸ்க்கில் எனக்குக் காலை ஷிஃப்ட். சுயசான்று முறையில் கட்டட அனுமதி வழங்கும் திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அன்று தொடங்கி வைத்தார். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ தரைத்தளத்துடன் ஒரு மாடியோ குடியிருப்பாகக் கட்டுபவர்கள் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, உடனே அனுமதி பெற்றுக்கொள்ளலாம். முன்கூட்டியே கள ஆய்வு கிடையாது. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை. 20 நிமிடத்தில் செய்தியை அடித்து, தலைப்பு வைத்து, பப்ளிஷ் செய்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

ராத்திரி அப்பா போன் செய்தார். "அம்மணி, நீ எழுதுனதப் படிச்சேன். நம்ம வீட்டுக்கும் இப்பிடியே போட்டுரலாமா?"

"போட்டுரலாம்ப்பா. பத்திரம், பட்டா, சைட் போட்டோ, பிளான் இருந்தாப் போதும்."

"பிளான்னா எது? ரூம் எங்க, கிச்சன் எங்கன்னு போடுவாங்களே, அதா?"

"ஆமாப்பா" என்றேன். அது தவறான பதில் என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

வீட்டைப் பற்றிய வரைபடம் அல்ல

எங்கள் ஊர் சோமனூர். கோவை மாவட்டம், கருமத்தம்பட்டி நகராட்சிக்குள் வரும். எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறிச் சத்தம் காதில் விழும். அப்பா கூலிக்கு நெசவு செய்பவர். பாவும் நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். துணியை நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்குவார். முன்னால் ஓட்டு வீடு, பின்னால் தறிக்குடோன். குடோனில் நான்கு தறிகள் ஓடின. இரண்டை எடைக்குப் போட்டுவிட்டார். மீதி இரண்டும் ஓடுகிற நாளைவிட நிற்கிற நாள்தான் அதிகம். ஓட்டு வீடு மழைக்கு ஒழுக ஆரம்பித்ததும், இடித்துவிட்டுப் புது வீடு கட்டுவது என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது இன்ஜினியர் அண்ணா முதல் பிளானைக் கொண்டுவந்து திண்ணையில் விரித்தார். அறைகள் இருக்கிற தாளை அம்மா ஆசையாக எடுத்துக்கொண்டார். அண்ணா என் கையில் வேறொரு தாளைக் கொடுத்தார். உள்ளங்கை அளவுக்கு ஒரு செவ்வகம், அதற்குள் இன்னொரு செவ்வகம். அவ்வளவுதான்.

"இதுதாம்மா சைட் பிளான். ஆபீஸ்ல மொதல்ல பாக்கறது இதைத்தான். அந்தத் தாளு வீட்டுக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லும். இது வீட்டுக்கு வெளிய எவ்வளவு காலியா விட்டிருக்கோம்னு சொல்லும்."

வெளிச் செவ்வகம் மனையின் எல்லை. உள்ளே இருப்பது கட்டடத்தின் வெளிச்சுவர். இரண்டுக்கும் நடுவில் நாலு பக்கமும் இருக்கும் வெற்றிடம்தான் செட்பேக். 1:100 என்ற அளவில் வரைந்திருந்தார். அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஒரு மீட்டர். ஸ்கேல் வைத்தால் யாரும் சரிபார்த்துவிடலாம். ஒரு மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. தெற்கே எங்கள் தெரு, அதன் அகலம். மழைநீர் சேகரிப்புக் குழி, செப்டிக் டேங்க், வெளிக்கேட் ஆகியவை எங்கெங்கே என்ற குறிகள்.

முன்பக்கம் 1.50 மீட்டர் விடப்பட்டிருந்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ல் முன்பக்க இடைவெளி தெருவின் அகலத்தைப் பொறுத்தது. எங்களுடையது 20 அடித் தெரு, அதனால் ஒன்றரை மீட்டர். தெரு அகலமாக அகலமாக இந்த எண்ணும் கூடும். பக்கவாட்டில் விட வேண்டியது மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். 'பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவுதான் விட்டார்' என்ற கணக்கு இங்கே எடுபடாது. அவருடைய மனை வேறு, உயரம் வேறு, அவர் கட்டிய வருடத்தில் இருந்த விதியும் வேறு.

எங்கள் பிளானில் கிழக்கே 1.00 மீட்டர், மேற்கே 1.50, வடக்கே பின்பக்கம் 1.50 என்று போட்டிருந்தார். நடுவில் வீடு: அகலம் 6.64 மீட்டர், நீளம் 9.19 மீட்டர். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. அண்ணா மட்டும் திருப்தியாக இல்லை.

"இது பத்திரத்துல இருக்கற அளவை வெச்சுப் போட்டது. 30-க்கு 40 அடி. இன்னிக்கு டேப்பு வெச்சு அளந்துரலாம்."

50 அடி வர வேண்டிய இடத்தில்...

நான் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தேன். முன்பக்கம் 30 அடி, சரியாக இருந்தது. கிழக்கே 40 அடி, அதுவும் சரி. மேற்கிலும் 40 அடி. பின்பக்கம் குடோனை ஒட்டி அளந்தபோது 29 அடிதான் வந்தது. தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று திரும்ப அளந்தோம். அதே 29.

"இப்ப குறுக்க அளக்கலாம் வாங்க" என்றார் அண்ணா.

கொத்தனார்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. 30-க்கு 40 மனை சரியான செவ்வகமாக இருந்தால், மூலைக்கு மூலை 50 அடி வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு மூலை நகர்ந்திருக்கிறது. தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு 50 அடி சரியாக வந்தது. தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு 49 அடி 5 அங்குலம்தான். ஆக, நகர்ந்திருப்பது வடமேற்கு மூலை. எங்கள் மனை செவ்வகம் அல்ல. முன்னால் 30, பின்னால் 29 என்று குறுகிப் போகும் வடிவம்.

பத்திரத்தில் 1,200 சதுர அடி. தரையில் 30-க்கும் 29-க்கும் சராசரி 29.5, அதை 40-ஆல் பெருக்கினால் 1,180 சதுர அடி. மீட்டரில், 111.48-க்குப் பதில் 109.63 சதுர மீட்டர். 20 சதுர அடி போனால் போகட்டும், ஒரு கட்டில் போடுகிற இடம்கூட இல்லையே என்றுதான் நினைத்தேன்.

அண்ணா தாளில் மேற்குப் பக்கத்தைப் பேனாவால் சாய்த்து வரைந்து காட்டினார். முன்சுவரின் ஓரத்தில் எல்லை 4 சென்டிமீட்டர்தான் உள்ளே வந்திருக்கிறது. பின்னால் போகப்போக நெருங்கி, வீட்டின் பின்மூலைக்கு எதிரே 27 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடுகிறது. 1.50 விட்டிருக்கிறோம் என்று நாங்கள் எழுதிவைத்திருந்த இடத்தில், உண்மையில் பின்மூலையில் இருப்பது 1.23 மீட்டர்தான்.

"செட்பேக்கை எங்க வேணா நின்னு அளக்கக் கூடாதும்மா. எங்க ரொம்ப நெருங்குதோ, அங்கதான் அளக்கோணும்" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. கள ஆய்வு இல்லை என்று நான் சந்தோஷமாகத் தலைப்பு வைத்திருந்தேன். ஆய்வு இல்லை என்றால், அளவு சரி என்று கையெழுத்துப் போடுவது யார்? அப்பா. 'சுயசான்று' என்ற வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். முன்பெல்லாம் அளவு தப்பாக இருந்தால் யாராவது வந்து பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வாய்ப்பு இருந்தது. இப்போது இயந்திரம் 1.50 என்ற எண்ணை நம்பி உடனே அனுமதி கொடுத்துவிடும். பின்னால் யாராவது புகார் செய்து, டேப்பு வைத்தால் 1.23 வரும். அப்போது கையில் இருக்கும் அனுமதியே அப்பாவுக்கு எதிரான சாட்சி.

தாத்தா விட்ட ஒரு அடி

காணாமல் போன அந்த ஒரு அடி எங்கே போனது? அப்பா வெகுநேரம் குடோன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

குடோனைக் கட்டியது தாத்தா. கூரை மேற்கே சரியும். மழைத்தண்ணீர் அண்ணன் இடத்தில் விழக்கூடாது என்று எல்லையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளிச் சுவரை எழுப்பினார். கூரைத் தண்ணீர் சொட்டுவதற்காக விட்ட இடம் அது. எந்த விதியும் படித்து விட்டதல்ல. நான் ஆறாவது படிக்கும்போது பெரியப்பா காம்பவுண்ட் எடுத்தார். தெருவோரக் கல்லில் ஆரம்பித்து, குடோனின் பின்மூலைக்கு நூல் பிடித்து நேராகச் சுவர் வைத்துவிட்டார்கள். குடோன் சுவர்தான் எல்லை என்று அவர்கள் நினைத்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

"சர்வேயருக்கு எழுதிப் போட்டு அளந்தா கல்லு நட்டுத் தருவாங்க. செய்யறதா?" என்று அண்ணா கேட்டார்.

"ஒரு அடிக்காக அண்ணங்கூட மூஞ்சியத் திருப்பிக்கோணுமா? இருக்கறதை வெச்சுப் போடுங்க" என்றார் அப்பா.

அண்ணா அதில் தெளிவாக ஒன்றைச் சொன்னார். பத்திரம், பட்டா, தரை மூன்றிலும் வெவ்வேறு அளவு இருந்தால், அவர் எப்போதும் குறைந்ததையே எடுத்து வரைவார். கூடுதலை எடுத்தால் இல்லாத இடத்தில் கட்டுவதாக ஆகிவிடும். அதனால் பத்திரத்தில் இருக்கும் உரிமை மாறிவிடாது. கட்டட அனுமதி எல்லைத் தகராறைத் தீர்க்கிற காகிதம் அல்ல. அது வேறு அலுவலகத்தின் வேலை.

வீடு சுருங்கியது. மேற்குச் சுவரை மட்டும் எல்லைக்கு ஏற்பச் சாய்வாகக் கட்டலாமே என்று அம்மா கேட்டார். கட்டலாம், ஆனால் ஒவ்வோர் அறையிலும் ஒரு மூலை கோணலாகும், பீரோ சுவரோடு ஒட்டாது, டைல்ஸை ஓரம் முழுக்க வெட்ட வேண்டும். கடைசியில் 6.64 மீட்டர் அகலம் 6.35 ஆனது. இப்போது மேற்கே முன்மூலையில் 1.75, பின்மூலையில் 1.52. எங்கே அளந்தாலும் ஒன்றரைக்குக் குறையாது.

மனையில் குறைந்தது 20 சதுர அடி. ஆனால், வீட்டின் நீளம் முழுக்க 29 சென்டிமீட்டர் போனதால், தரைத்தளத்தில் 29 சதுர அடியும், மாடியையும் சேர்த்தால் 47 சதுர அடியும் போயின. அம்மாவின் ஸ்டோர் ரூம் அலமாரியாகச் சுருங்கியது. ஒரு மூலையில் ஒரு அடி நகர்ந்தால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லித்தர முடியாது.

நான்கு வரிப் பட்டியல்

சைட் பிளானின் ஓரத்தில் ஒரு சின்ன அட்டவணை இருந்தது. பரப்பளவுப் பட்டியல். முதலில் அதைக் கவனிக்கவே இல்லை. திருத்திய பிறகு அது இப்படி இருந்தது:

மனைப் பரப்பு: 109.63 சதுர மீட்டர்
தரைத்தளம்: 58.36 சதுர மீட்டர்
முதல் தளம்: 38.10 சதுர மீட்டர்
மொத்தக் கட்டடப் பரப்பு: 96.46 சதுர மீட்டர்

தரைத்தளம் என்பது 6.35-ஐ 9.19-ஆல் பெருக்கியது. இது வெளிச்சுவரின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு. அறைக்குள் அளந்து கூட்டினால் இந்த எண் வராது. சுவரின் கனமும் இதில் சேர்த்தி. கான்ட்ராக்டர் 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று சொல்லும்போது எந்தச் சதுர அடி என்று கேட்க வேண்டியது இதனால்தான். எங்கள் மொத்தப் பரப்பு 1,038 சதுர அடி. பாய் விரிக்க முடிகிற இடம் அதைவிடக் குறைவு.

முதல் தளத்தில் நீளம் 6 மீட்டர்தான். மீதி மொட்டைமாடி. அம்மாவுக்கு வற்றல் காயவைக்க இடம் வேண்டும்.

மொத்தக் கட்டடப் பரப்பை மனைப் பரப்பால் வகுத்தால் வருவதை எஃப்.எஸ்.ஐ. என்கிறார்கள். எங்களுக்கு 0.88. எங்களைப் போன்ற உயரம் குறைந்த கட்டடத்துக்கு விதி அனுமதிப்பது 2. 'ரெண்டு வரைக்கும் கட்டலாம்னா ஏன் இவ்வளவு கம்மியா கட்டறோம்?' என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டும் தனித்தனிப் பூட்டுகள் என்றார் அண்ணா. எஃப்.எஸ்.ஐ. மொத்தம் எவ்வளவு என்று சொல்லும். செட்பேக் எந்த இடத்தில் கட்டக் கூடாது என்று சொல்லும். சின்ன மனையில் முதலில் கட்டிப்போடுவது பெரும்பாலும் செட்பேக்தான்.

குடோனை என்ன செய்வது?

கடைசியில் பேச வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது. அதை எல்லோருமே தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பாவின் மனதில் இருந்த திட்டம் இதுதான்: முன்னால் ஓட்டு வீட்டை மட்டும் இடித்துவிட்டுப் புது வீடு, பின்னால் குடோன் அப்படியே. குடோன் பின்எல்லையை ஒட்டி நிற்கிறது. கிழக்கிலும் சுவரோடு சுவர். 29 அடிக்கு 15 அடி.

"குடோனைப் பிளான்ல காட்ட வேண்டாமுங்க. அது பாட்டுக்குப் பின்னாடி இருந்துட்டுப் போகுது" என்றார்.

அண்ணா உடனே மறுத்துப் பேசவில்லை. தாளில் குடோனை அதன் அளவுக்கு வரைந்தார். புது வீட்டின் பின்பாதி அதன் மேல் ஏறி நின்றது.

"ஏனுங்கய்யா, வீட்டு நீளம் 9.19 மீட்டர்னா 30 அடி. முன்னாடி 5 அடி விட்டா வீடு 35-வது அடில முடியுது. குடோன் 25-வது அடிலயே ஆரம்பிச்சிருதுங்களே?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணா மூன்று வழிகளைச் சொன்னார். வீட்டை 20 அடி நீளத்துக்குள் சுருக்கிக் குடோனை வைத்துக்கொள்ளலாம். ஆனால், மனையில் தறி ஓடுகிறது என்றால் அது வெறும் குடியிருப்பு இல்லை. சுயசான்று வழியை விட்டுவிட்டு, வழக்கமான முறையில் விண்ணப்பித்து, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, குடோனை எடுத்துவிட்டு முழு வீடு கட்டுவது. மூன்றாவது, குடோனை மறைத்து வரைவது. "அதை நான் போட மாட்டேனுங்க. சைட் போட்டோ ஏத்தோணும். அதுலயே தெரிஞ்சுரும். தெரியலைன்னாலும் கையெழுத்து உங்களுது."

அன்று ராத்திரி அப்பா குடோனுக்குள் வெகுநேரம் இருந்தார். தறிச் சத்தம் இல்லை. எண்ணெய் போடுகிறாரோ என்று போய்ப் பார்த்தேன். சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இந்த ரெண்டு தறியும் மாசத்துக்கு எத்தனை நாள் ஓடுதுன்னு எண்ணிப் பாத்தேன் அம்மணி. எடுத்துரலாம். அந்தாள்கிட்ட சொல்லிரு."

மறுநாள் திருத்திய சைட் பிளானில் குடோன் வந்தது. வரைபடங்களுக்கென்று நிறவழக்கம் உண்டு. புதிதாகக் கட்டுவது சிவப்பு. மனை எல்லை தடித்த கறுப்புக் கோடு. வெற்றிடத்துக்கு நிறம் கிடையாது. இடிக்கப்போவதற்கு மஞ்சள் சாய்கோடுகள். ஓட்டு வீடும் தறிக்குடோனும் மஞ்சள் கோட்டுக்குள் இருந்தன. அவற்றின் மேல் சிவப்பில் புது வீடு.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மஞ்சளை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டிருக்கறான்" என்று மட்டும் சொன்னார்.

எந்தெந்தத் தாள்?

அதன் பிறகு அண்ணா ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒவ்வொன்றாக டிக் அடிக்கும் வேலை எனக்கு. படித்துப் பார்த்தபோது, ஒவ்வொரு தாளும் ஒரு கேள்விக்குப் பதில் என்று புரிந்தது.

• இட அமைவு வரைபடம்: மனை ஊரில் எங்கே இருக்கிறது? பக்கத்துத் தெருக்கள், அடையாளங்கள்.
• சைட் பிளான்: மனை அளவுகள், தெரு அகலம், செட்பேக், இடிக்கும் பகுதி, குழி, டேங்க்.
• தள வரைபடங்கள்: தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடி என்று தனித்தனியாக.
• குறுக்குவெட்டும் முகப்பும்: உயரம் எவ்வளவு? தரையிலிருந்து கூரை வரை.
• பரப்பளவுப் பட்டியலும் கதவு ஜன்னல் பட்டியலும்.
• மழைநீர் சேகரிப்பு, செப்டிக் டேங்க் விவரம்.
• பத்திரம், பட்டா, மனையின் இப்போதைய புகைப்படம்.

எங்களுடையது கிராம நத்தம். சொந்தமாக மனை வாங்கியவர்கள் பட்டியலில் இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த மனைப்பிரிவு அனுமதி பெற்றதா என்பதுதான் அது. அனுமதியில்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் வந்த விதிகளில், 2016 அக்டோபர் 20 என்பது முக்கியமான தேதி. அதற்கு முன் பதிவானதா, வரன்முறை ஆணை கையில் இருக்கிறதா என்பதை இன்ஜினியரைப் பார்ப்பதற்கு முன்பே பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அது இல்லாமல் மற்ற தாள்கள் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

தாள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை. எங்களுக்கே ஒரு இடத்தில் இடித்தது. சைட் பிளானில் வீட்டு அகலம் 6.35 என்று மாறிவிட்டது. முதல் தளத் தாளில் பழைய 6.64 அப்படியே இருந்தது. பரப்பளவுப் பட்டியலில் முதல் தளம் 39.84 என்று காட்டியதால்தான் கண்டுபிடித்தேன். ஆறால் வகுத்தால் 6.64 வந்தது. ஒரு எண்ணைத் திருத்தினால் அது எத்தனை தாளில் இருக்கிறதோ, அத்தனையிலும் திருத்த வேண்டும். அன்றைக்கு இன்ஜினியர் அண்ணா, "பரவாயில்லையே, செய்திக்கு எழுத்துப்பிழை பாக்கற மாதிரியே பாக்கறயே" என்றார். வேலையில் கிடைத்த பாராட்டுகளை எல்லாம்விட அது பிடித்திருந்தது.

அம்மாவின் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது. "இத்தனை தாள்ல வீடு கெட்டியா நிக்குமான்னு எதுல எழுதியிருக்குது?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்குக் கனம் உண்டு. 2017 செப்டம்பர் 7 அன்று சோமனூர் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மா ஒரு முறை மேலே பார்ப்பார். அண்ணா மழுப்பாமல் பதில் சொன்னார். சைட் பிளானில் அது கிடையாது. வெற்றிடம் சரியாக இருக்கிறதா என்பதை மட்டுமே அது சொல்லும். அஸ்திவார ஆழம், தூண், கம்பியின் கனம் எல்லாம் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தில் இருக்கும். அனுமதி கிடைத்துவிட்டது என்பதற்காக வீடு உறுதியானது என்று யாரும் சான்று கொடுத்துவிடவில்லை. அதற்குத் தனியாகத் தாள் போட்டு, அந்தத் தாளின்படி கம்பி கட்டப்படுகிறதா என்று கூடவே நின்று பார்க்க வேண்டும்.

உடனே வந்த அனுமதி

எல்லாம் சரியான பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்தபடியே onlineppa.tn.gov.in பக்கத்தில் அப்பா பெயரில் விண்ணப்பித்தேன். உறுதிமொழிப் பக்கம் வந்ததும் நிறுத்திவிட்டு வீடியோ காலில் அப்பாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். கொடுத்த விவரங்கள் உண்மை என்ற வரிக்கு வந்தபோது, "பின்மூலைல எவ்வளவு?" என்று கேட்டார்.

"ஒண்ணு அம்பத்திரெண்டுப்பா."

"குடோன் மஞ்சள்ல இருக்குதில்ல?"

"இருக்குதுப்பா."

"அப்ப அழுத்து."

கட்டணம் போனது, அனுமதி வந்தது. செய்தியில் நான் எழுதியது உண்மைதான், உடனேதான் வந்தது. அதற்கு முன்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தத் தீபாவளி மட்டும் செய்தியில் இல்லை.

பொங்கலுக்குப் போனபோது தறிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். குடோனை இடித்த இடத்தில் கொத்தனார் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அப்பா டேப்பை எடுத்துக்கொண்டு நேராகப் பின்மூலைக்குப் போய், பெரியப்பாவின் காம்பவுண்டில் ஒரு முனையை வைத்தார். மறுமுனையை என்னிடம் நீட்டினார். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு வருது?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணு அம்பத்திரெண்டு, பெரிப்பா."

"நல்லா விட்டிருக்கறீங்க, காத்து வரும்" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு டேப்பைச் சுருட்டினேன்.